முறுக்கிய கம்பி அடங்கும் கணக்கு

மெல்லிய எஃகுக் கம்பியில் ஒரு வட்டத் தகட்டைத் தொங்கவிட்டு, சற்றே திருப்பி விட்டால் அது வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பி ஆடும். கல்லூரி ஆய்வகங்களில் இதற்கு முறுக்கு ஊசல் என்று பெயர். மாணவர்கள் பெரும்பாலும் ஸ்டாப் வாட்ச்சை வைத்து அலைவு நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த ஆட்டம் எப்படி அடங்குகிறது என்பதில்தான் சுவையான சேதி இருக்கிறது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். தகட்டின் முள் முதலில் வலப்பக்கம் 40 டிகிரி வரை போகிறது. முழு அலைவு ஒன்று முடிந்து மீண்டும் வலப்பக்கம் வரும்போது 36, அடுத்து 32.4, பிறகு 29.2. ஒவ்வொரு முறையும் குறையும் அளவு ஒன்றுபோல் இல்லை. ஆனால் முந்தையதைப் பிந்தையதால் வகுத்தால் எப்போதும் 1.11 வருகிறது. தகடு வேகமாகத் திரும்பினால் காற்று அதிகமாகத் தடுக்கும், மெதுவாகத் திரும்பினால் குறைவாகத் தடுக்கும் என்பதே காரணம். இந்த விகிதத்தின் இயல் மடக்கை 0.105. தடையை அளக்கும் எண் இதுதான். ஓர் அலைவுக்கு 8 விநாடி ஆனால், 0.105-ஐ 8-ஆல் வகுக்க, விநாடிக்குச் சுமார் 0.013 என்ற தேய்மான வீதம் கிடைக்கும்.

அடுத்தடுத்த இரண்டு வீச்சுகளை மட்டும் நம்புவது ஆபத்து. 36-ஐ 36.5 என்று படித்துவிட்டால் விடை 13 சதவீதம் பிசகிவிடும். பத்து அலைவு காத்திருந்தால் வீச்சு 14 ஆகியிருக்கும். 40-ஐ 14-ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, பத்தால் வகுத்தாலும் அதே 0.105. இங்கே அதே அரை டிகிரி தவறு நேர்ந்தாலும் பிசகு 4 சதவீதத்தைத் தாண்டாது.

விகிதம் சீராக இல்லாமல் மெல்ல மாறிக்கொண்டே போனால், முள் ஓய்ந்து நிற்கும் இடம் சுழியில் இல்லையோ என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். வலக்கோடிக்கும் இடக்கோடிக்கும் இடையிலான முழு அகலத்தை அளந்தால் அந்தக் குறை தீரும். விகிதத்துக்குப் பதிலாகக் குறையும் அளவே மாறாமல் வந்தால், தகடு எங்கோ உரசுகிறது என்று பொருள்.

இதே கணக்கை வைத்துத்தான் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், 1860-களில் லண்டன் வீட்டின் மாடத்தில் காற்றின் பிசுக்குமையை அளந்தார். அசையாத கண்ணாடித் தகடுகளுக்கிடையே மூன்று கண்ணாடி வட்டுகளைக் கம்பியில் ஆடவிட்டார். கம்பியின் சொந்த உராய்வும் ஆட்டத்தை அடக்கும் அல்லவா? அதைப் பிரித்தெடுக்கத் தகடுகளின் இடைவெளியை மாற்றி மாற்றி அளந்தார். அறையின் வெப்பநிலையைப் பேண மனைவி கேதரின் உதவினார். அழுத்தத்தை 30 அங்குலப் பாதரசத்திலிருந்து அரை அங்குலம் வரை குறைத்தும் பிசுக்குமை ஏறத்தாழ மாறவில்லை. அவருடைய கோட்பாடு சொன்னதும் அதுவே. ஆனால் பிசுக்குமைக்கு அவர் தந்த எண், இன்றைய மதிப்பைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுதல்.