பாதியும் மூன்றிலொன்றும் சேர்ந்தால்: ஒரு பாடக்குறிப்பின் கதை

பி.எட். மாணவர்களிடம் கேட்டால், கற்பித்தல் பயிற்சியில் வகுப்பெடுப்பதைவிடப் பாடக்குறிப்பு எழுதுவதுதான் பெரும்பாடு என்பார்கள். 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. பள்ளியில் இருக்கவேண்டிய காலமும் முதலாண்டில் நான்கு வாரம், இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் என்று நீண்டது. அத்தனை நாளும் இரவில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக எழுதி, மறுநாள் காலையில் வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பலர் சீனியரின் பழைய ரெக்கார்டை விரித்து வைத்துத் தேதியை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அப்படி எழுதிய குறிப்பு கையெழுத்து வாங்கித் தரும். வகுப்பில் அது உதவுவதில்லை.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, இந்தக் கட்டங்கள் எதற்காக இருக்கின்றன என்று பார்ப்போம். ஆறாம் வகுப்புக் கணக்கு, வேற்றினப் பின்னங்களின் கூட்டல். அதாவது 1/2 + 1/3 போல, கீழே இருக்கும் பகுதி எண்கள் வெவ்வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவது. பாடவேளை நாற்பது நிமிடம்.

தலைப்புப் பகுதியில் பெயர், வகுப்பு, பாடம், அலகு, நாள், நேரம் எல்லாம் இருக்கும். அதில் சொல்ல அதிகமில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பாடத் தலைப்பு என்ற இடத்தில் ‘பின்னங்கள்’ என்று எழுதினால் அது அலகின் பெயர். ஒரு பாடவேளையில் முடியக்கூடியதை எழுத வேண்டும்.

அடுத்தது நோக்கம். பயிற்சி மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ‘மாணவர்கள் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதுவார்கள். புரிந்துகொண்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? தலையாட்டுவதை வைத்தா? அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூமும் உடன் இருந்தவர்களும் 1956-இல் கல்வி நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று தொடங்கிப் படிப்படியாக வகுத்தார்கள். நம் கல்லூரிகளில் அந்தப் பெயர்களை அப்படியே பாடக்குறிப்பில் இறக்கிவிடுகிறோம். எழுத வேண்டியது அந்தப் பெயர்களை அல்ல, வகுப்பு முடிவில் பிள்ளை கண்ணெதிரே செய்துகாட்டக்கூடிய செயலை. ‘பகுதிகள் வெவ்வேறான இரு பின்னங்களைச் சமான பின்னங்களாக மாற்றிக் கூட்டுவர்’ என்பது ஒன்று. ‘1/2 + 1/3 = 2/5 என்ற விடை ஏன் தவறு என்று காரணம் சொல்வர்’ என்பது இன்னொன்று. ஒரு வகுப்புக்கு இந்த இரண்டே போதும். ஆறேழு நோக்கம் எழுதினால் நாற்பது நிமிடத்தில் ஒன்றும் நிறைவேறாது.

இரண்டாவது நோக்கம் சும்மா வரவில்லை. பின்னக் கூட்டலைப் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் மேலே உள்ளதை மேலோடும், கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி 2/5 என்று எழுதுவது எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று முதல் நாளே யோசித்தவர் எழுதிய குறிப்பு, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இனி முன்னறிவு. ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெர்பார்ட் சொன்னதிலிருந்து வந்த பகுதி இது. அவர் வழிவந்த சில்லரும் ரைனும் அதை ஐந்து படிகளாக்கினார்கள். நம் பாடக்குறிப்பின் எலும்புக்கூடு இன்னும் அந்தப் படிகள்தான். பழைய அறிவோடு சேர்த்துக் கட்டினால்தான் புது அறிவு நிற்கும் என்பது கருத்து. நடைமுறையில் என்ன ஆகிறது? ‘பின்னம் என்றால் என்ன?’ என்று ஒரு கேள்வி, பிறகு ஒரு பிட்சா கதை, கடைசியில் ‘அப்படியானால் இன்று நாம் என்ன பாடம் படிக்கப் போகிறோம்?’ என்று ஒரு விடுகதை. பிள்ளைகள் ஊகித்துச் சொல்லும்வரை ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

நம் பாடத்துக்கு இரண்டே இரண்டு முன்னறிவு வேண்டும். 2/7 + 3/7 கூட்டத் தெரிய வேண்டும். 1/2 என்பதும் 3/6 என்பதும் ஒன்றே என்று தெரிய வேண்டும். இந்த இரண்டையும் நோட்டில் எழுதச் சொல்லி, வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்தால் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். பாதிப் பேருக்கு இரண்டாவது வரவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் குறிப்பில் ஒரு வரி இருக்க வேண்டும். ‘தெரியாவிட்டால் காகிதத்தை மடித்து 1/2 = 3/6 காட்டுதல்’ என்று. இந்த வரி இருக்கும் பாடக்குறிப்பை நான் பார்த்தது மிகக் குறைவு.

துணைக்கருவிக்கு வண்ணச் சார்ட்டு வாங்க வேண்டாம். ஆளுக்கொரு காகிதப் பட்டை போதும், 12 சென்டிமீட்டர் நீளம். பாட வளர்ச்சி அதை வைத்துத்தான். பட்டையில் பாதி 6 செ.மீ., மூன்றிலொன்று 4 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் 10 செ.மீ. 2/5 என்று சொன்ன பிள்ளையிடம், பட்டையில் ஐந்தில் இரண்டு பங்கு எவ்வளவு என்று அளக்கச் சொல்ல வேண்டும். 4.8 செ.மீ. வரும். பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தோம், விடையோ பாதியைவிடச் சிறியதாகிவிட்டது! அந்த இடத்தில் வகுப்பு தானாகப் பேசத் தொடங்கும். பிறகு பட்டையை ஆறு சம பாகமாகக் கோடிட்டால் பாதி மூன்று பாகம், மூன்றிலொன்று இரண்டு பாகம், மொத்தம் ஆறில் ஐந்து என்று கண்ணுக்குத் தெரியும். ஏன் ஆறு என்ற கேள்வியிலிருந்து மீச்சிறு பொது மடங்குக்குப் போகலாம். குறுக்குப் பெருக்கல் வழியை முதலிலேயே கொடுத்துவிட்டால் விடை வரும், இந்தப் பேச்சு வராது.

இதை எழுதும் அட்டவணையில் ஆசிரியர் செயல், மாணவர் செயல் என்று இரு பத்திகள் இருக்கும். மாணவர் செயலுக்குக் கீழே ‘கவனிக்கின்றனர்’, ‘விடையளிக்கின்றனர்’, மறுபடி ‘கவனிக்கின்றனர்’ என்று வந்தால் அந்த வகுப்பில் ஆசிரியர் மட்டுமே வேலை செய்யப்போகிறார் என்று பொருள். ‘பட்டையை அளக்கின்றனர், 10 செ.மீ. என்று எழுதுகின்றனர், சிலர் 2/5 என்பர்’ என்று எழுதிப் பாருங்கள். எதிர்பார்க்கும் தவறான விடையையும் அதே பத்தியில் எழுதலாம், யாரும் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். கரும்பலகைப் பணி என்ற பகுதியில் வெறும் தலைப்பை எழுதாமல், பலகையில் வரப்போகும் பட்டைப் படத்தையும் கணக்கையும் அப்படியே வரைந்துகொள்வது நல்லது.

மதிப்பீட்டில் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது டீச்சர்’ என்று கோரஸாகப் பதில் வரும். அது மதிப்பீடு ஆகாது. நோக்கத்தில் எழுதியதையே கேட்க வேண்டும். 1/4 + 2/3 என்று ஒரு கணக்கு, விடை 11/12. கூடவே 3/8 + 2/8 என்று ஓரினப் பின்னத்தையும் கலந்து கொடுத்தால், தேவையில்லாமல் பகுதியை மாற்றுகிறவர்களும் அகப்படுவார்கள். மூன்றாவதாக, ‘1/2 + 1/4 = 2/6 என்று ராமு எழுதினான், சரியா, ஏன்?’ என்று ஒன்று. இரண்டாவது நோக்கம் நிறைவேறியதா என்று இதில்தான் தெரியும். வீட்டுப்பாடமும் இதே வகையில் நான்கு கணக்கோடு நிற்கட்டும். நடத்தாத கலப்புப் பின்னத்தைக் கொடுத்தால் பிள்ளையின் அக்காதான் போடுவாள்.

நேரத்தையும் ஓரத்தில் எழுத வேண்டும். முன்னறிவுக்கு 5, பட்டைக்கும் பலகைக்கும் 20, தனிப் பயிற்சிக்கு 8, மதிப்பீட்டுக்கு 7 நிமிடம். மதிப்பீட்டுக்கு நேரமில்லாமல் மணி அடித்துவிடுவது பயிற்சி வகுப்புகளில் வழக்கம். காரணம் பெரும்பாலும் அந்தக் கதையும் விடுகதையும்தான்.

வகுப்பு முடிந்ததும் குறிப்பை மூடிவிடாமல், கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள். 35 பேரில் 14 பேர் ராமு சொன்னதைச் சரி என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பாடக்குறிப்பின் முன்னறிவுப் பகுதியை அந்த 14 பேரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.