மூன்று அடுப்பு, நடுவே ஐஸ்!

மேலே போகப் போகக் குளிரும். கொடைக்கானலுக்கு பஸ் ஏறியவர்களுக்கெல்லாம் இது தெரியும். 'சூரியனுக்குக் கிட்டே போனால் சுட வேண்டாமோ?' என்று கேட்டால்... பதினைந்து கோடி கிலோமீட்டரில் இரண்டு குறைந்து என்னய்யா ஆகிவிடப் போகிறது!

விஷயம் வேறே. வெயில் காற்றை அவ்வளவாகச் சுட வைப்பதில்லை. ஊடுருவி வந்து தரையைத்தான் சுடுகிறது. தரை காற்றைச் சூடாக்குகிறது. அதாவது, அடுப்பு கீழே. சூடான காற்று மேலே ஏறும், அங்கே அழுத்தம் குறைவு என்பதால் விரியும், விரிவதாலேயே குளிரும். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி.

இப்படியே குறைந்துகொண்டே போகும் என்றுதான் 19-ம் நூற்றாண்டில் நம்பினார்கள். அதைக் கெடுத்தவர் லியோன் டெஸரான் த போர் என்ற, பேர் வாயில் நுழையாத பிரெஞ்சுக்காரர். பாரீஸுக்குப் பக்கத்தில் ட்ராப் என்ற ஊரில் வானிலைக் கூடம் வைத்து, ஹைட்ரஜன் பலூன்களில் தானாகப் பதிவு செய்யும் தெர்மாமீட்டரைக் கட்டி அனுப்பினார். சுமார் 11 கிலோமீட்டர் வரை ஒழுங்காக இறங்கிய டெம்பரேச்சர், அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.

மனிதர் குதிக்கவில்லை. கருவியைச் சந்தேகப்பட்டார். நியாயம்தான். மேலே காற்று லேசு. கருவி மேல் விழும் வெயிலின் சூட்டை அதனால் தணிக்க முடியாது. தெர்மாமீட்டர் காற்றை விட்டுவிட்டுத் தன் சூட்டையே அளந்திருக்கலாம். சரி, சூரியனே இல்லாதபோது பார்ப்போம் என்று ராத்திரியில் பலூன் விட்டார். அதே கதை! இருநூறுக்கு மேல் பலூன் விட்ட பிறகுதான், 1902-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் வாயைத் திறந்தார். கீழ் அடுக்கு ட்ரோபோஸ்பியர், மேலே ஸ்ட்ராடோஸ்பியர் என்று பிற்பாடு பெயர் வைத்தவரும் அவரே.

(நம் சென்னைக்கு மேலே ட்ரோபோஸ்பியர் 16, 17 கிலோமீட்டர் வரை நீள்கிறது. அதன் உச்சியில் மைனஸ் 80 டிகிரி! கத்திரி வெயிலில் ஆபீஸ் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடலாம்.)

காரணம், மேலே இரண்டாவது அடுப்பு. ஓஸோன். சூரியனின் புற ஊதாக் கதிர்களை விழுங்கிச் சூடாகிறது. ஓஸோன் அதிகம் இருப்பது 20, 25 கிலோமீட்டரில். ஆனால் சூடு உச்சத்தைத் தொடுவது 50-ல். அங்கே கதிர் இன்னும் வடிகட்டப்படாமல் வருகிறது, சூடாக்க வேண்டிய காற்றும் கொஞ்சம்தான். அங்கே ஏறக்குறைய ஸீரோ டிகிரி.

அதைத் தாண்டினால் மீஸோஸ்பியர். ஓஸோன் குறைகிறது, இருக்கிற சூட்டையும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியே கதிராக அனுப்பிவிடுகிறது. மறுபடி சரிவு. 90 கிலோமீட்டர் வாக்கில் மைனஸ் 90.

பிறகு மூன்றாவது அடுப்பு, தெர்மோஸ்பியர். மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் கடுமையான கதிர்களை விழுங்கி, ஆயிரம் டிகிரியையும் தாண்டுகிறது. 400 கிலோமீட்டரில் சுற்றும் விண்வெளி நிலையம் இதற்குள்தான் இருக்கிறது, உருகாமல்! ஒவ்வொரு துகளும் அசுர வேகம். ஆனால் வந்து மோத ஆள் இல்லை. அங்கே நிழலில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டால், அது ஸீரோவுக்குக் கீழேதான் காட்டும்.