ஏழாவது ஆள் ஆணா, பெண்ணா?

ஒரு பெண்ணின் புகைப்படத்தைக் காட்டி ஒருவர் சொல்கிறார்: “இவளுடைய கணவனின் தாய், என் தந்தைக்கு ஒரே மகள்.” படத்தில் இருப்பவள் அவருக்கு என்ன உறவு?

சொன்னவர் பெண்ணாக இருந்தால், தந்தையின் ஒரே மகள் அவரேதான். எனவே படத்தில் இருப்பவள் அவருடைய மகனின் மனைவி. அதே வாக்கியத்தை ஓர் ஆண் சொன்னால், ஒரே மகள் என்பது அவருடைய சகோதரி. படத்தில் இருப்பவள் சகோதரி மகனின் மனைவி. வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பேசியவர் ஆணா பெண்ணா என்பது மாறியது, விடையும் மாறிவிட்டது.

வங்கி, ரயில்வே, எஸ்.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. என்று எந்தத் தேர்வுக்குத் தயாராகிறவரும் ரத்த உறவுக் கேள்விகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐ.பி.பி.எஸ். நடத்தும் எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் காரணமறிதல் பகுதியின் 35 கேள்விகளுக்கு 20 நிமிடங்கள் தரப்படுகின்றன. ஒரு கேள்விக்குச் சராசரியாக அரை நிமிடம் சொச்சம். தவறான விடைக்கு கால் மதிப்பெண் குறையும். இந்த அவசரத்தில் பலர் சறுக்குவது உறவுமுறை தெரியாததால் அல்ல. கேள்வி சொல்லாத ஒன்றைத் தாங்களாகவே சேர்த்துக்கொள்வதால்தான். அப்படிச் சேர்ப்பதில் முதலிடம் பாலினத்துக்கு.

புகைப்படக் கேள்விகளை ‘என்’ என்ற சொல்லிலிருந்து பிடிப்பது நல்லது. மேலே உள்ள வாக்கியத்தில் முதலில் “என் தந்தைக்கு ஒரே மகள்” யார் என்று முடிவு செய்துவிட வேண்டும். பிறகு அந்தப் பெண்ணின் மகன், அவனுடைய மனைவி என்று பின்னோக்கி நகர்ந்தால் படத்தில் இருப்பவளிடம் போய்ச் சேரலாம். முன்னாலிருந்து படித்தால் முன்பின் தெரியாத ஒருத்தியின் கணவன், அவனுடைய தாய் என்று ஆள்கள் கூடிக்கொண்டே போவார்கள். யாரும் பிடிபட மாட்டார்கள்.

நீளமான குடும்பக் கேள்விகளுக்குத் தாளில் படம் போட்டே ஆக வேண்டும். படத்தில் மூன்று பிணைப்புகள் போதும்: பெற்றோரிலிருந்து பிள்ளைக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, உடன்பிறந்தவர்களுக்கு இடையே படுக்கையாக ஒரு கோடு, கணவன் மனைவிக்கு இரட்டைக் கோடு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பரம்பரை நோய்களை ஆராயும் மருத்துவர்கள் வரையும் குடும்ப வரைபடங்களிலும் இதே சதுரமும் வட்டமும்தான். பாலினம் குறிப்பிடப்படாதவருக்கு அவர்கள் ஒரு சாய்சதுரம் போடுகிறார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் அவசியம் கடன் வாங்க வேண்டிய குறி அது.

உறவுப் பெயர் எதுவானாலும் இந்த மூன்று பிணைப்புகளாக உடைத்த பிறகுதான் வரைய வேண்டும். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் வழக்கில் மாமா என்றால் தாயின் சகோதரர், அத்தையின் கணவர், மனைவியின் தந்தை என்று மூவரும் வரலாம். சகோதரி மகளும் ஓர் ஆணுக்கு மருமகள்தான். மாமன் மகளையும் அக்கா மகளையும் மணக்கும் வழக்கம் இருந்த சமூகத்தில் இந்தப் பெயர்கள் பொருத்தமானவையே. தேர்வுக் கேள்விகளின் குடும்பங்களில் பொதுவாக அத்தகைய திருமணங்கள் இல்லை. அங்கே மருமகள் என்றால் மகனின் மனைவி.

ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்றில் க, ச, ட, த, ப, ம, வ என்று ஏழு பேர். அவர்களுக்குள் இரண்டு தம்பதிகள். க-வின் மருமகள் த. ட-வின் தாய் ச. ட-வின் சகோதரன் ப, அவனுக்கு மணமாகவில்லை. த-வின் மகன் ம. ம-வின் உடன்பிறப்பு வ.

த மருமகள் என்பதால் க முதல் தலைமுறை, த இரண்டாவது, ம-வும் வ-வும் மூன்றாவது. த-வுக்குக் கணவனாக இருக்கக்கூடியவன் க-வின் மகன். இரண்டாம் தலைமுறையில் மீதமிருப்பவர்கள் ட-வும் ப-வும், ப மணமாகாதவன். ஆகவே ட-தான் கணவன். ட ஆண் என்று கேள்வியில் எங்கும் சொல்லப்படவில்லை, நாமே கண்டுபிடித்தோம். ட-வின் தாய் ச என்பதால் க-வும் ச-வும் மற்றொரு தம்பதி, க ஆண்.

ட-வைப் போட்டவுடனே சதுரமாக வரைந்தவருக்கும் இதே படம்தான் கிடைக்கும். ஆனால் அது அதிர்ஷ்டம். அடுத்த கேள்வியில் அந்த இடத்தில் ஒரு பெண் இருக்கலாம். சாய்சதுரமாகத் தொடங்கி, சான்று கிடைத்ததும் சதுரமாக்கியவரே இரண்டு கேள்விகளிலும் தப்புவார்.

இனி வினாக்கள். ம-வுக்கு ப என்ன உறவு? தந்தையின் சகோதரன். சித்தப்பாவா பெரியப்பாவா என்றால், ட-வுக்கும் ப-வுக்கும் மூத்தவர் யார் என்று கேள்வியில் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அங்கிள் என்ற ஒரே சொல் இருப்பதால் வினா தயாரித்தவருக்கு இந்தச் சிக்கலே தோன்றியிருக்காது. விடைகளில் இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அதையே குறிக்கலாம். சந்தேகம் எழுந்தால் ஆங்கில வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

க-வுக்கு வ என்ன உறவு? பேரன் என்று ஒரு விடை இருக்கும், பேத்தி என்று ஒன்று இருக்கும். ம ஆண் என்பதால் வ பெண்ணாக இருக்கும் என்று மனம் ஒரு சமநிலையைத் தேடும். கேள்வியோ உடன்பிறப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டது. படத்தில் வ இன்னும் சாய்சதுரமாகவே நிற்கிறது. “தீர்மானிக்க இயலாது” என்பதே சரியான விடை. க, ச போன்ற எழுத்துகளுக்குப் பதில் பெயர்கள் வந்தாலும் இதே கட்டுப்பாடு வேண்டும். கிரண், சுமன் போன்ற பெயர்கள் வட இந்தியாவில் இருபாலருக்கும் உண்டு. பெயரை வைத்துப் பாலினம் முடிவு செய்யவே கூடாது.

குறியீட்டுக் கேள்விகளில் இந்த விதி இன்னும் தெளிவாகத் தெரியும். + என்றால் இடப்பக்கம் இருப்பவர் தந்தை, × தாய், ÷ சகோதரன், − சகோதரி என்று வைத்துக்கொள்வோம். க ÷ ச × ட என்றால், ச-வின் சகோதரன் க, ட-வின் தாய் ச. ஆகவே ட-வுக்கு க தாய்மாமன். நடுவில் உள்ள × குறியை + ஆக்கினால் அதே க தந்தையின் சகோதரனாகிவிடுவார். ஒவ்வொரு குறியும் தனக்கு இடப்பக்கம் இருப்பவரின் பாலினத்தை மட்டுமே சொல்கிறது. எனவே கடைசி எழுத்துக்கு ஆண், பெண் அடையாளம் கிடையாது.

இதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு ஒரு வகை வினா சட்டென்று விடுபடும். “க-வின் சகோதரிக்கு ட மகன் என்பதைக் காட்டும் தொடர் எது?” என்று கேட்டால், க ÷ ச × ட என்ற விடை முதலில் கண்ணில் படும். அதில் ட மகனா மகளா என்பதற்குச் சான்று இல்லை. க ÷ ச × ட ÷ த என்று கொஞ்சம் நீண்ட தொடர் ஒன்று கீழே இருக்கும். கேள்வியில் த என்று யாரும் இல்லையே என்று அதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் த-வுக்கு ட சகோதரன் என்று சொல்லி, ட-வை ஆணாக்குவதற்காகத்தான் அந்த எழுத்து அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறது.