வசூல் நிறுவனத்தின் கடிதத்துக்கு எழுத வேண்டிய பதில்

முனிர்காவில் குடியிருக்கும் வாசகர் ஒருவருக்கு வசூல் நிறுவனமொன்றின் கடிதம் வருவதாகக் கொள்வோம். ஈராண்டுக்கு முன் நிறுத்திய கடன் அட்டைக்கு ரூ.46,000 நிலுவை, ஏழு நாளில் செலுத்துக என்கிறது. அட்டை எந்த வங்கியுடையது என்பது அதில் இல்லை.

தொலைபேசியில் பேரம் பேசாமல் விரைவு அஞ்சலில் பதில் எழுதுவதே நன்று. முதலில் கடன் கொடுத்தவர் யார், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அதில் கேட்கலாம். அவற்றினும் முக்கியமானது, அந்நிறுவனம் வங்கியின் முகவரா, கடனை விலைக்கு வாங்கியவரா என்னும் கேள்வி. முகவராயின் வங்கியின் அதிகாரக் கடிதம் இருக்க வேண்டும். அதை வங்கிக் கிளையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். வாங்கியவராயின், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 130-ஆம் பிரிவின்படி கையெழுத்திட்ட மாற்று ஆவணம் வேண்டும். அதன் நகலைக் கேட்க வேண்டும். உரிமையில்லாதவரிடம் செலுத்திய பணம் கடனைத் தீர்க்காது.

பதிலில் 'என் கடன்' என்று எழுதிவிடக் கூடாது. மூன்றாண்டுக் காலவரையறை முடியுமுன் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி அக்காலம் புதிதாகத் தொடங்கும். 'தாங்கள் குறிப்பிடும் தொகை. இக்கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகாது' என்பதே பாதுகாப்பான நடை.

அமெரிக்காவைப் போல, சான்று தரும்வரை வசூலை நிறுத்தி வைக்கும் பொதுச் சட்டம் இங்கில்லை. ஆயினும் முகவர் மௌனம் சாதித்தால் அவரை அனுப்பிய வங்கியிடம் எழுத்தில் முறையிடலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். அங்கே விரைவு அஞ்சல் ரசீதும் கடித நகலும் தேவைப்படும்.