நோட்டீஸில் இருப்பது 'கெடு'வா, 'கேடு'வா? போன் திரையில் தமிழ் மங்குவது ஏன்?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு ஷூ கம்பெனி. போனஸ் தொடர்பாக வங்கி விவரம் கொடுக்கக் கடைசித் தேதியை ஏ4 தாளில் அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். யாரோ ஒருவர் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திறக்கும் பெண்ணுக்கு, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் பயனில்லை. கண்ணாடி மாற்றணுமோ என்று யோசிப்பதற்கு முன்னால், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

திரை என்பது குட்டிக் குட்டிப் புள்ளிகள்தான். அவற்றை பிக்ஸல் என்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிய, கோட்டுக்கு ஒரு பிக்ஸல், நடுவில் இடைவெளிக்கு ஒரு பிக்ஸல் வேண்டும். ஆங்கில 'என்' எழுத்தின் சின்ன வடிவத்துக்கு இரண்டு கால். மூன்று பிக்ஸல் போதும். நம் 'ண'வின் நடுவே குறுக்காக ஒரு கோடு கிழித்தால், ஐந்து இடத்திலாவது வெட்டும். அதற்கு ஒன்பது பிக்ஸல் அகலம் தேவை. அதன் தலையில் புள்ளி வந்தால் மேலேயும் இடம் வேண்டும். இது குறைந்தபட்சக் கணக்கு. கோடு சரியாக பிக்ஸலின் மேல் விழாதபோது சாம்பல் நிறத்தில் கசியும் என்பதால், நிஜத்தில் இன்னும் அதிகமாகவே தேவைப்படும்.

இப்போது நம் நோட்டீஸுக்கு வருவோம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6.5 அங்குல போனின் திரை அகலமோ கிட்டத்தட்ட 68 மில்லிமீட்டர்தான். தாள் முழுவதும் திரையில் அடங்கும்போது, 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. பட்ஜெட் போன்களில் வரும் 'ஹெச்டி ப்ளஸ்' திரைக்குக் குறுக்கே 720 பிக்ஸல். அதில் இந்த எழுத்துக்குக் கிடைக்கும் மொத்த உயரம், மேல்-கீழ் குறிகளையும் சேர்த்து, 14 அல்லது 15 பிக்ஸல். 'ண' தட்டுத்தடுமாறித் தெரியும். 1080 பிக்ஸல் கொண்ட 'ஃபுல் ஹெச்டி'யில் அதுவே 22 ஆகிவிடும். 2017-ல் வந்த ஜியோபோனின் 2.4 அங்குலத் திரையிலோ குறுக்கே 240 பிக்ஸல்தான்; அங்கே மிஞ்சுவது வெறும் 5. படிக்கவே முடியாது.

முதலில் பலியாவது கொம்புதான். 'கெ'வுக்கும் 'கே'வுக்கும் வித்தியாசம் கொம்பின் மேலே உள்ள ஒரு சுழி மட்டுமே. அது கரைந்தால் 'கெடு' எது, 'கேடு' எது என்று தெரியாது. 'தோல்'கூட 'தொல்' ஆகிவிடும்! ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே கஷ்டம் இருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். நோட்டீஸில் அப்படி ஊகிக்க முடியாதே.

அப்படியானால் பெரிய போன் வாங்கினால் தீருமா? பிக்ஸல் எண்ணிக்கை அதேதான் என்றால், புள்ளிகள்தான் பெரிதாகும். எழுத்து பெரிதாகத் தெரியுமே தவிரக் கூர்மையாகாது. 6.5 அங்குல ஹெச்டி ப்ளஸ் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 270 பிக்ஸல், ஃபுல் ஹெச்டியில் 405. ஒரு அடி தூரத்தில் வைத்துப் படிக்கும்போது, நல்ல பார்வை உள்ளவரால் பிரித்தறிய முடிவது ஏறக்குறைய 290 வரைதான். அதற்கு மேல் அடர்த்திக்குக் காசு கொட்டுவதில் பெரிய லாபம் இல்லை. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அடர்த்தியைவிட எழுத்தின் அளவே முக்கியம்.

காசு செலவில்லாத வழி, போனைப் படுக்கவைப்பது. அதே 720 பிக்ஸல் போனில் இப்போது குறுக்கே 1600 பிக்ஸல். நம் எழுத்துக்கு 32 கிடைக்கிறது. ஆனால் போட்டோவிலும் அவ்வளவு விவரம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தை நீளவாக்கில் சுமார் 1600 பிக்ஸலுக்குச் சுருக்கிவிடுகிறது. அதனால் நோட்டீஸின் எழுத்துக்கு 23 பிக்ஸலுக்கு மேல் அதில் இருக்காது. அதற்குப் பிறகு எவ்வளவு ஜூம் செய்தாலும் மங்கல்தான் பெரிதாகும். படம் அனுப்பும்போது 'ஹெச்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தாலோ, டாக்குமென்ட்டாக அனுப்பினாலோ இந்த இழப்பு குறையும்.

அதைவிட நல்லது, நோட்டீஸை டைப் செய்து அனுப்புவது. டைப் செய்த எழுத்து படமல்ல. போனே அதன் வளைவுகளை ஒவ்வொரு அளவிலும் புதிதாக வரைகிறது. செட்டிங்ஸில் எழுத்தின் அளவைக் கூட்டினால், கூர்மை குறையாமலே பெரிதாகும். நட்சத்திரக் குறி போட்டு 'போல்டு' மட்டும் ஆக்காதீர்கள். கோடு தடித்தால் 'ண'வின் உள்ளிடைவெளிகள் அடைத்துக்கொள்ளும்.

டைப் செய்ததும் சரியாகத் தெரியாவிட்டால், அது வேறு நோய். எழுத்துக்குப் பதில் சதுரக் கட்டம் வந்தால், போனில் தமிழ் எழுத்துரு இல்லை. 'கொ'வின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றால், அல்லது புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால், எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளில் கோளாறு. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றுக்கும் திரையின் கூர்மைக்கும் சம்பந்தமில்லை.

போன் வாங்கக் கடைக்குப் போனால், டெமோவில் ஓடும் வீடியோவைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில் வைத்து, 'கண்ணுக்கு' என்ற சொல்லில் புள்ளியும் 'ண'வின் இடைவெளிகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.