கிராப் கட்டணம்: பார்த்தது 10 ரிங்கிட், கட்டியது 16. ஏன்?

இரவு பஸ் கமுந்திங் ராயா நிலையத்துக்கு வந்ததும் இறங்குகிற எல்லாரும் ஒரே சமயத்தில் கார் தேடுவார்கள். பக்கத்தில் இருப்பதோ நாலைந்து கார்தான். அதனால் பஸ்ஸில் வரும்போது 10 ரிங்கிட் காட்டிய பயணம் இறங்கியதும் 16 ஆகலாம். முதலில் பார்த்தது வெறும் மதிப்பீடு. புக் பண்ணும் நிமிடத்தில் திரையில் இருக்கும் விலைதான் கணக்கு. இந்த ஏற்றம் வழக்கமான கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது அரசாங்கம் விதித்த வரம்பு.

அவசரம் இல்லையா? பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், கூட்டம் கலைந்தால் விலையும் இறங்கும்.

புக் பண்ணிவிட்டால், வழியில் ஜாம் என்றாலும் அந்த விலை பொதுவாக மாறாது. ஆனால் இறங்கும் இடத்தை மாற்றினால் மாறும். ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போனால் டோல் தனியாகச் சேரும். கோலகங்சார் வழியாகப் பழைய சாலையில் டோல் இல்லை, நேரம்தான் கூடும். எந்த வழி என்று ஓட்டுநரிடம் ஏறும்போதே பேசிவிடுங்கள்.

பஸ் நிலையத்தை அடையும் முன்பே புக் பண்ணுவதில் ஒரு சிக்கல். கார் முதலில் வந்துவிட்டால், இலவச நிமிடங்கள் முடிந்ததும் காத்திருப்புக் கட்டணம் ஓடும். தாமதமாக ரத்து செய்தாலும் கட்டணம் உண்டு. ஓட்டுநர் உங்களை நோக்கி நகரவே இல்லையென்றால், வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செயலியின் உதவிப் பக்கத்தில் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.