நடுகல் படங்களுக்கு மாற்று உரை எழுதுதல்

மாற்று உரை என்பது இணையப் பக்கத்தில் உள்ள ஒரு படத்தைக் காண இயலாதவர்களுக்காக அப்படத்தோடு இணைத்து எழுதப்படும் சிறு விவரிப்பு ஆகும். இது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தின் நிரலில் `alt` என்னும் இடத்தில் எழுதி வைக்கப்படும். பார்வையற்றோர் கணினியிலும் கைப்பேசியிலும் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள், படம் இருக்கும் இடத்திற்கு வந்ததும் இந்த உரையை வாய்விட்டுப் படிக்கும். `alt` எழுதப்படாமல் விடப்பட்டால் சில திரைவாசிப்பான்கள் படக்கோப்பின் பெயரையே படித்துவிடும். "படத்தில் காண்க" என்று கட்டுரை சொல்லும் இடத்தில் மாணவர் காதில் விழுவது `IMG_2041.jpg` என்பதாக இருக்கலாம்.

கலைப்படைப்புகளின் படங்களில் இந்த வேலை கடினமாகிறது. ஒரு சிற்பத்தில் சொல்வதற்கு நூறு செய்திகள் இருக்கும். மாற்று உரையில் இடம் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குத்தான். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பதை இரண்டு நடுகற்களைக் கொண்டு இங்கே பார்க்கலாம். ஒன்று பெரியகுளம் அடங்கிய தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. மற்றொன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது.

உருவம் இல்லாத கல்

தேனி மாவட்டம், ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையை ஒட்டிய ஊர் புலிமான்கோம்பை. இங்கே 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துகள் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். தமிழி என்பது தமிழ் பிராமி என்றும் அழைக்கப்படும் பழைய எழுத்து முறை. இக்கற்கள் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். அவற்றுள் ஒன்றின் வாசகம் "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்" என்பதாகும். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். கூடலூரில் நடந்த அத்தகைய பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்பது இதன் பொருள்.

இக்கல்லில் வீரனின் உருவம் கிடையாது. வெறும் எழுத்து மட்டுமே உண்டு. நடுகல் என்றதும் வில்லோடும் வாளோடும் நிற்கும் வீரன் நம் நினைவுக்கு வருவதால், படத்தைச் சரியாகப் பார்க்காமல் "வீரனின் உருவம் பொறித்த நடுகல்" என்று பழக்கத்தில் எழுதிவிட வாய்ப்புண்டு. பார்வை உள்ளவர் அந்த வரியையும் படத்தையும் ஒப்பிட்டு, தவறு என்று உடனே கண்டுகொள்வார். பார்வையற்ற மாணவருக்கு ஒப்பிடுவதற்கு வேறு எதுவும் இல்லை. தமிழகத்தின் மிகப் பழைய நடுகற்களில் உருவம் செதுக்கப்பட்டிருந்தது என்று அவர் தேர்விலும் எழுதுவார். ஆகவே இந்தக் கல்லைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டியது உருவம் இல்லை என்பதைத்தான். பொதுவாக மாற்று உரையில் இல்லாததைப் பட்டியலிடத் தேவையில்லை. படிப்பவர் இருக்கும் என்று எதிர்பார்க்கும் ஒன்று இல்லாதபோது மட்டும் அதைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கும் முன்னால், படம் எந்த வகையைச் சேர்ந்தது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட வேண்டும். கல்வெட்டுகளின் படங்கள் மூன்று வகையாக வரும். ஒன்று கல்லின் ஒளிப்படம். இரண்டாவது மைப்படி, ஈரத்தாளைக் கல்லின் மேல் பரப்பி, தூரிகையால் தட்டிப் பதித்து, மேலே மை ஒற்றி எடுப்பது. பள்ளமான எழுத்துகளில் மை படாததால் கறுப்புத் தளத்தில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். மூன்றாவது, ஆய்வாளர் எழுத்துகளைப் பார்த்து வரைந்த கோட்டுப்படம். கோட்டுப்படத்தில் வரைந்தவரின் முடிவு கலந்திருக்கும், ஒளிப்படத்தில் அது இல்லை. மாணவர் எதை நம்பிப் படிக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். "படம்" என்று தொடங்குவதால் மட்டும் பயனில்லை, ஏனெனில் படம் வருகிறது என்பதைத் திரைவாசிப்பானே முதலில் அறிவித்துவிடும்.

அடுத்தது வாசகம். எழுத்தே படத்தின் உள்ளடக்கம் என்பதால் அந்த எழுத்தை மாற்று உரையில் தர வேண்டும். தமிழி எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடம் உண்டு என்பதற்காக அவற்றை அப்படியே தட்டச்சு செய்து வைக்கக் கூடாது. தமிழ்க் குரல் பொறிகள் பெரும்பாலும் அவற்றைப் படிக்காமல் தாண்டிவிடும். இன்றைய தமிழ் எழுத்தில்தான் தர வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தால் உரை இப்படி அமையும்:

```html
<img src="pulimankombai-1.jpg" lang="ta"
 alt="நடுகல்லின் ஒளிப்படம். கல்லில் உருவம் இல்லை;
 தமிழி எழுத்துகள் மட்டும் உள்ளன. வாசகம்:
 கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.">
```

இதில் `lang="ta"` என்பது இங்கே தமிழ் வருகிறது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வது. பக்கம் முழுவதும் ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் படிக்க முயன்று தடுமாறும், அல்லது மௌனமாகக் கடந்துவிடும். எழுதிய உரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அப்போது அது காதை எட்டாது. பக்கமே தமிழ் என்று சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் படத்திற்குத் தனியே இது தேவையில்லை.

வாசகத்தின் பொருளையும் கல்லின் காலத்தையும் இந்த உரையில் சேர்க்கவில்லை. கண்டறிந்த ஆண்டும் இல்லை. கூடல் ஊர் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள கூடலூராக இருக்கலாம் என்ற கருத்தும் விடப்பட்டுள்ளது. இவை எதுவும் படத்தில் தெரிபவை அல்ல. பார்வை உள்ளவரும் கட்டுரையைப் படித்துத்தான் இவற்றை அறிகிறார், எனவே இவற்றின் இடம் கட்டுரை. கட்டுரையிலோ படத்தின் கீழ்க்குறிப்பிலோ வாசகம் முன்பே எழுத்தாகத் தரப்பட்டிருந்தால் அதையும் மாற்று உரையிலிருந்து நீக்கிவிடலாம். இல்லையென்றால் ஒரே வரியை அவர் இருமுறை கேட்க நேரும்.

நாயோடு நிற்கும் வீரன்

எடுத்தனூர் நடுகல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டது. எருமைகளுக்காக நடந்த பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கான கல் இது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது.

இப்படத்திற்கு முதல் முயற்சியில் பலரும் எழுதக்கூடிய உரை இத்தகையது: "பல்லவர் காலத்தைச் சேர்ந்த அழகிய நடுகல். கம்பீரமாக நிற்கும் வீரனின் தலையலங்காரமும் அணிகலன்களும் ஆடையும் நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே நாய் ஒன்றும் உள்ளது." இதைக் கேட்டவர் அந்தச் சிற்பத்தை மனத்தில் அமைத்துப் பார்க்க முடியாது. அழகிய, கம்பீரமான, நுட்பமான என்பன எழுதியவரின் கருத்தைச் சொல்கின்றனவே தவிர, கல்லில் உள்ளதைச் சொல்லவில்லை. வீரன் கையில் ஆயுதம் இருப்பது விடுபட்டுவிட்டது. வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத நாய், கடைசியில் போனால் போகட்டும் என்பதுபோல் வருகிறது. உரை நீளமாக இருந்தால் கேட்பவர் பாதியிலேயே அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார், அப்போது நாய் அவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை.

படத்தில் பெரிதாக இருப்பது முதலில், சிறியது பின்னால் என்ற வரிசை இங்கே உதவாது. இந்தப் படம் இந்தப் பக்கத்தில் எதற்காக வைக்கப்பட்டுள்ளது என்ற கேள்விக்கு விடையாவது முதலில் வர வேண்டும். திருத்திய உரை: "நடுகல்லில் புடைப்புச் சிற்பம்: ஆயுதம் ஏந்தி நிற்கும் வீரன், அவனருகே ஒரு நாய். கல்லில் வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளது." நாயின் பெயர் இதில் இல்லை. அது படத்தில் தெரிவதில்லை, கல்வெட்டைப் படித்தால்தான் தெரியும். ஆனால் பக்கம் முழுவதும் கோவிவனைப் பற்றியே பேசுகிறது என்றால் "கோவிவன் என்னும் நாய்" என்று எழுதுவதே பொருத்தம். அப்போது வரிசையையும் மாற்றி, நாய் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அதே படம் வட்டெழுத்தின் வளர்ச்சி பற்றிய கட்டுரையில் இடம்பெற்றால் எழுத்து முதலிலும் உருவங்கள் ஒரு சொற்றொடராகக் கடைசியிலும் வரும். ஒரு படத்திற்கு ஒரே மாற்று உரையை எழுதி எல்லாப் பக்கங்களிலும் ஒட்டுவது இதனால்தான் சரிவருவதில்லை.

ஆயுதம் எந்தக் கையில் உள்ளது, ஆடையின் மடிப்பு எத்தனை என்பவை பொது வாசகருக்கான பக்கத்தில் தேவையில்லை. பல நடுகற்களை ஒப்பிடும் ஆய்வுக் கட்டுரையில் அதே விவரங்கள் இன்றியமையாதவை. அங்கே அவற்றை `alt`-க்குள் திணிக்காமல், படத்திற்குக் கீழே எல்லோரும் படிக்கும் ஒரு பத்தியாகவே எழுதிவிடலாம். மாற்று உரைக்குள் பத்தி பிரிக்க முடியாது, தலைப்பு இட முடியாது. முழுவதும் ஒரே ஓட்டமாகக் காதில் விழும். கல்லின் நிறத்தையும் இங்கே விட்டுவிடலாம். பார்வையற்றோருக்கு நிறம் எதற்கு என்ற எண்ணத்தில் விடுவதாக அது இருக்கக் கூடாது. இடையில் பார்வை இழந்தவர்களுக்கு நிறங்கள் நன்றாக நினைவிருக்கும். சித்தன்னவாசல் ஓவியம் போன்றவற்றில் நிறத்தைச் சொல்லாமல் விடுவது பிழை.

நீளமும் சிதைவும்

மாற்று உரை 125 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. எச்.டி.எம்.எல். தரத்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை. தமிழுக்கு அந்த எண் பொருந்தவும் செய்யாது. கோவிவன் என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினியின் கணக்கில் ஏழு குறியீடுகள். எண்ணிப் பார்ப்பதைவிட, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் தொலைபேசியில் உரையை ஒருமுறை படித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது நல்ல சோதனை. என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானைக் கணினியில் நிறுவி, திரையைப் பார்க்காமல் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

அப்படிக் கேட்டால் வெளிப்படும் ஒரு சிக்கல் சிதைந்த கல்வெட்டுகளில் உண்டு. புலிமான்கோம்பையின் மற்றொரு கல்லில் சில எழுத்துகள் அழிந்துவிட்டதால் வாசகம் முழுமையாகக் கிடைக்கவில்லை. அச்சில் இத்தகைய இடங்களைப் புள்ளிகள் வைத்துக் காட்டுவது வழக்கம். திரைவாசிப்பான்களோ பொதுவாகப் புள்ளிகளை ஒலிக்காமல் கடந்துவிடும். அழிந்த இடத்திற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்கள் ஒட்டிக்கொண்டு, உடையாத முழு வாக்கியம்போல் காதில் விழும். எனவே மாற்று உரையில் புள்ளிகளுக்குப் பதிலாக, அந்தந்த இடத்திலேயே "இங்கே சில எழுத்துகள் சிதைந்துள்ளன" என்று சொல்லால் எழுத வேண்டும்.